மொத்த மார்க்கா, கேள்விவாரி மார்க்கா: சி.ஓ. அட்டெயின்மென்ட் கணக்கிட இரண்டு வழிகள்

இரண்டு வருடம் மொத்த மார்க் முறையில் கணக்குப் போட்டேன். மூன்றாம் வருடம் கேள்விவாரியாக மாறினேன். இன்னும் அதில்தான் இருக்கிறேன், திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. அதனால் இதை நடுநிலையான ஒப்பீடு என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

பாடவிளைவு என்ற சி.ஓ., பட்டப்படிப்பு விளைவு என்ற பி.ஓ., இரண்டையும் இணைக்கும் 3-2-1 மேப்பிங் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கீகார வாரியத்தின் தன்மதிப்பீட்டு அறிக்கை உதாரணமாகக் காட்டும் அளவுகோலைத்தான் எங்கள் துறையும் வைத்திருக்கிறது. வகுப்பில் 60 சதவீதம் பேர் இலக்கு மதிப்பெண்ணைத் தாண்டினால் நிலை 1, 70 சதவீதம் பேர் என்றால் 2, 80 சதவீதம் பேர் என்றால் 3. இலக்கு நூற்றுக்கு 60. இரண்டு முறைக்கும் இது பொது. எந்த மதிப்பெண்ணை அந்த இலக்கோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

மொத்த மார்க் முறையில் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முதல் இரண்டு யூனிட்டுக்கு என்றால், ஒரு மாணவரின் மொத்த மதிப்பெண்ணே சி.ஓ. 1-க்கும் சி.ஓ. 2-க்கும் போகும். கேள்விவாரி முறையில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே எந்த சி.ஓ. என்று வினாத்தாளிலேயே போட்டுவிட்டு, மதிப்பெண்ணையும் கேள்வி கேள்வியாக எக்செலில் ஏற்ற வேண்டும்.

வேலைப்பளுவில் முதல் முறைக்குத்தான் வெற்றி, மறுக்கவே முடியாது. 60 பேர் வகுப்பில் தேர்வுக்கு 60 எண்கள், அதுவும் ஏற்கெனவே ஏற்றி வைத்தவை. கேள்விவாரியில் எங்கள் வினாத்தாள் அமைப்புப்படி ஆளுக்கு எட்டு எண்கள், ஆக 480. மூன்று தேர்வுக்கு 1440. பேப்பர் கட்டு திருத்தி முடித்த களைப்பில் இதை நினைத்தாலே தலை சுற்றும். கோர்ஸ் ஃபைலுக்கு ஒரு தாள் வேண்டும் என்ற அளவில் மட்டும் பார்த்தால் முதல் முறையே போதும் என்று நானும்தான் நினைத்தேன்.

மாறியதற்குக் காரணம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ். ஐந்து யூனிட், ஐந்து சி.ஓ. முதல் யூனிட் தகைவும் திரிபும், இரண்டாவது உத்திரங்களின் மேல் வரும் சுமையும் அதனால் உண்டாகும் வளைவுத் தகைவும். முதல் தேர்வு 50 மதிப்பெண்ணுக்கு. அதில் சி.ஓ. 1-க்கு மூன்று இரண்டு மார்க் கேள்வி, ஒரு 13 மார்க் கேள்வி, மொத்தம் 19. சி.ஓ. 2-க்கு இரண்டு இரண்டு மார்க், ஒரு 13 மார்க், ஒரு 14 மார்க், மொத்தம் 31.

பழைய முறைப்படி 50-க்கு 30 தாண்டியவர்கள் 49 பேர். 81.7 சதவீதம். சி.ஓ. 1 நிலை 3, சி.ஓ. 2-உம் நிலை 3. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம்.

அதே பேப்பர் கட்டைக் கேள்விவாரியாக ஏற்றிப் பார்த்தேன். சி.ஓ. 1-இல் 60 சதவீதம் தாண்டியவர்கள் 54 பேர், நிலை 3. சி.ஓ. 2-இல் 33 பேர்தான். 55 சதவீதம் என்பது நிலை 1-க்கே எட்டாது, பூஜ்யம். எப்படி என்றால், 32 வாங்கிய ஒரு பையனின் தாளைப் பாருங்கள். முதல் யூனிட்டில் 19-க்கு 18, இரண்டாவதில் 31-க்கு 14. முதலில் எடுத்தது இரண்டாவதில் விட்டதை மூடிவிட்டது. அப்படிப்பட்ட தாள்கள்தான் மொத்த மார்க் கணக்கை 49-க்குத் தூக்கியிருந்தன.

சி.ஓ. 2 வரிசைக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினால், இரண்டு மார்க் கேள்விகள் சரி, உத்திரத்துக்கு வெட்டுவிசைப் படமும் வளைவுத்திருப்புத்திறன் படமும் வரையும் 13 மார்க் கேள்வியும் பரவாயில்லை. அடிவாங்கியது 14 மார்க் கணக்கு. 100-க்கு 20 மி.மீ. அளவில் மேலே ஒரு பட்டை, நடுவில் கீழே அதே அளவில் இன்னொரு பட்டை நெட்டாக, டி வடிவ வெட்டுமுகம். அதில் அதிகபட்ச வளைவுத் தகைவு கேட்டிருந்தேன். தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், நடுநிலை அச்சு அடியிலிருந்து 80 மி.மீ. என்று பெரும்பாலோர் சரியாகவே கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கப்புறம் இரண்டு பட்டைகளின் நிலைமத் திருப்புத்திறனையும் அதனதன் மையத்தைப் பற்றிக் கண்டுபிடித்து அப்படியே கூட்டிவிட்டார்கள். இணை அச்சுத் தேற்றத்தைப் பயன்படுத்தவே இல்லை. அதைப் போட்டால் சுமார் 53.3 லட்சம் மி.மீ.⁴ வர வேண்டும், இவர்களுக்கு வந்தது 17.3 லட்சம். கீழே வகுக்கும் எண் மூன்றில் ஒரு பங்கானதால் தகைவு மூன்று மடங்கு. ஒரே மாதிரி தப்பான விடை தாளுக்குத் தாள் வந்தால் அது மாணவரின் கவனக்குறைவு இல்லை என்று புரிந்துகொள்ளலாம். முந்தைய செமஸ்டரின் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் நிற்காமல் போன பாடம் என் பாடத்தில் வந்து வெடித்திருக்கிறது.

இரண்டு டுடோரியல் வகுப்பு அதற்காகவே எடுத்தேன். அப்புறம் அளவுகளை மாற்றி ஒரு கணக்கு கொடுத்ததில் 45 பேர் இலக்கைத் தாண்டினார்கள், 75 சதவீதம். மூலத் தேர்வின் பூஜ்யத்தை நான் மாற்றவில்லை. மறுதேர்வு எண்ணை நடவடிக்கைப் பத்தியில் எழுதினேன். மாற்றினால் முதலில் ஏன் டுடோரியல் எடுத்தோம் என்பதற்கே ஆதாரம் போய்விடும்.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்த விஷயம் ஒன்று உண்டு. அது பி.ஓ. கணக்கில் இருக்கிறது, சி.ஓ.வோடு நிற்பவர்கள் கண்ணில் படாது. பி.ஓ. 2, அதாவது சிக்கலைப் பகுத்தாய்தல், என் பாடத்தின் ஐந்து சி.ஓ.க்களோடு 2, 3, 2, 3, 2 என்று மேப் ஆகியிருக்கிறது. செமஸ்டர் தேர்வில் வகுப்பின் நிலை 2. உள்மதிப்பீட்டுக்கு 40, செமஸ்டருக்கு 60 என்ற எடை. கேள்விவாரியில் ஐந்து சி.ஓ.க்களின் உள்மதிப்பீட்டு நிலை முறையே 3, 0, 3, 2, 3 என்று வந்தது. எடை போட்டுச் சேர்த்தால் 2.4, 1.2, 2.4, 2.0, 2.4. மேப்பிங் எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 24, மேப்பிங்கின் கூட்டுத்தொகை 12. பி.ஓ. 2-க்கு என் பாடம் கொடுப்பது 2.0.

மொத்த மார்க் முறையில் எல்லாத் தேர்விலும் நிலை 3. எனவே ஐந்து சி.ஓ.வும் 2.4. பி.ஓ. 2-உம் 2.4. பி.ஓ. 1-உம் 2.4. எந்த பி.ஓ.வை எடுத்தாலும் 2.4-தான், ஏனென்றால் ஒரே எண்ணை எந்த எடையில் சராசரி போட்டாலும் அதே எண்தான் வரும். 3 போட வேண்டுமா 2 போட வேண்டுமா என்று மேப்பிங் அட்டவணைக்காகத் துறைக் கூட்டத்தில் ஒரு மதியம் முழுக்க வாதாடியிருக்கிறோம். மொத்த மார்க் முறையில் சி.ஓ.க்கள் பிரியாவிட்டால் அந்த அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினாலும் விடை மாறாது. இது தெரிந்த அன்றைக்கு எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

கேள்விவாரியில் சறுக்கும் இடம் 'அல்லது' கேள்விகள். 6(அ) ஒரு சி.ஓ.விலும் 6(ஆ) வேறொரு சி.ஓ.விலும் இருந்தால் மாணவருக்கு மாணவர் சி.ஓ.வின் மொத்தம் மாறும். ஒருவர் ஒரு சி.ஓ.வைத் தொடாமலே தப்பித்துவிடலாம். அதனால் இரண்டும் ஒரே சி.ஓ.வாக, முடிந்தால் ஒரே கடினத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, எழுதாத பக்கத்துக் கட்டத்தில் 0 போடக் கூடாது, காலியாக விட வேண்டும். 0 போட்டால் எக்செல் அதையும் எழுதிய கேள்வியாக எண்ணி, மொத்தத்தில் 13 கூடி, நன்றாக எழுதிய மாணவரும் இலக்குக்குக் கீழே விழுவார். இரண்டையுமே எழுதாதவருக்கு மட்டும் ஏதாவது ஒன்றில் 0 போட வேண்டும். ஐந்தாம் வரிசையில் கேள்வியின் முழு மதிப்பெண், ஆறாம் வரிசையில் சி.ஓ., எட்டாம் வரிசையிலிருந்து மாணவர்கள் என்று வைத்தால், ஒருவரின் சி.ஓ. 1 மொத்தம் இப்படி வரும்:

```
=SUMPRODUCT((D$6:N$6="CO1")*(D8:N8<>"")*D$5:N$5)
```

எங்கள் தாளில் இது எல்லா மாணவருக்கும் 19 காட்ட வேண்டும். யாருக்காவது 32 என்று வந்தால் காலியாக இருக்க வேண்டிய கட்டத்தில் 0 விழுந்திருக்கிறது. 6 என்று வந்தால் இரண்டையும் எழுதாதவருக்கு 0 போட மறந்திருக்கிறோம்.

சரி, குறையும் சொல்லிவிடுகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த, தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்கு செமஸ்டர் தேர்வில் கையில் வருவது கிரேடுதான், கேள்விவாரி மதிப்பெண் இல்லை. 'பி பிளஸ்'ஸும் அதற்கு மேலும் வாங்கியவர்களை எண்ணி ஒரு நிலை போட்டு, அதை ஐந்து சி.ஓ.வுக்கும் அப்படியே ஒட்டுகிறோம். என் கணக்கில் 60 எடை கொண்ட பகுதி எந்த சி.ஓ.வையும் பிரித்துக் காட்டாது. 480 எண்கள் ஏற்றும் பாடு மிச்சமுள்ள 40-க்குத்தான் பலன் தருகிறது. தன்மதிப்பீட்டு அறிக்கையின் உதாரணத்தில் உள்ளதுபோல் பல்கலைக்கழகத் தேர்வுக்கு 80, உள்மதிப்பீட்டுக்கு 20 என்று வைத்திருக்கும் துறைகளில் பலன் இன்னும் சுருங்கும், சி.ஓ. 2 எனக்குக் காட்டிய 1.2 அங்கே 1.6 ஆகிவிடும். அந்த நிலையிலும் இவ்வளவு பாடுபடச் சொல்வேனா என்றால், கொஞ்சம் தயங்குவேன். தன்னாட்சிக் கல்லூரியில் நான் வேலை பார்த்ததில்லை. விடைத்தாள் அவர்களிடமே திருத்தப்படுவதால் அங்கே இந்தக் குறை இருக்காது என்பது என் ஊகம். லேப், ப்ராஜெக்ட் பாடங்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது, அங்கே ரூப்ரிக் வேறு கதை. ஒரே சி.ஓ.வுக்கான அசைன்மென்டுக்கு நானும் மொத்த மார்க்கைத்தான் போடுகிறேன், பிரிக்க அதில் ஒன்றும் இல்லை.

1440 எண்ணுக்கும் ஒரு வழி கிடைத்தது. விடைத்தாளின் முதல் பக்கத்திலேயே கேள்வி எண் கட்டங்களை அச்சடித்துவிட்டோம். திருத்தும்போதே கட்டத்தில் போட்டுக்கொண்டு போனால், அப்புறம் ஒருவர் வாசிக்க ஒருவர் ஏற்ற, ஒரு தேர்வுக்கு ஒரு மணி நேரத்தில் முடிகிறது.

பூஜ்யம் போட்ட தாளைக் கொண்டுபோனபோது எங்கள் ஹெச்.ஓ.டி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "என்ன சார், போன வருஷம் எல்லாம் மூணா இருந்துச்சே?"

"போன வருஷமும் இதே கதைதான் மேடம், அப்ப தெரியல" என்றேன். டி வடிவக் கணக்கில் பிழை வந்த நான்கைந்து தாள்களையும் உடன் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, மெக்கானிக்ஸ் எடுப்பவரை வரச் சொன்னார். அடுத்த வருடத்துக்கான அவருடைய பாடத் திட்டத்தில் இணை அச்சுத் தேற்றத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் சேர்ந்திருக்கிறது.