‘முதல்ல விண்ணப்பத்தை ரத்து பண்ணுங்க’ என்று கடைக்காரன் சொன்னால் பண்ணாதீர்கள்

செந்தூலில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். போன தீபாவளி ஆர்டருக்காக, பல கடைகள் இருக்கிற ஒரு சீன ஆன்லைன் தளத்தில், ஒரு கடையில் தங்க நிற லேஸ் பார்டர் 20 ரோல் வாங்கினேன். ரோலுக்கு 50 கஜம் என்று படத்திலேயே போட்டிருந்தான். மொத்தம் 920 யுவான், நம்ம காசுக்கு ஏறக்குறைய 550 வெள்ளி. மஸ்ஜித் இந்தியாவில் இதே லேஸ் கேட்டால் இரண்டு மடங்கு சொல்வார்கள். அந்த ஆசையில்தான் விழுந்தேன்.

ரோல்களில் சொன்ன நீளம் இல்லை. பணம் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தும் அது வரவில்லை. கடை பெயரைப் போட எனக்கு விருப்பமில்லை. பெயரைப் போட்டாலும் அவன் நாளைக்கு வேறு பெயரில் இன்னொரு கடை திறந்துகொள்வான். எங்கே ஏமாந்தேன் என்பதைச் சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் உதவும்.

அந்தப் பக்கம் முழுவதும் சீனத்தில். எனக்கு ஓர் எழுத்து தெரியாது. விலை, படம், பணம் கட்டும் இடம் மட்டும் புரிந்தால் போதும் என்று நினைத்தேன். பார்சல் நேராக என் வீட்டுக்கு வராது. குவாங்சோவில் ஒரு ஃபார்வர்டர் கிடங்குக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் இங்கே வரும். இது பலர் செய்கிற வழிதான். ஆனால் கடையின் பார்வையில் ‘வாங்கியவர்’ அந்தக் கிடங்கு. அங்கே ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய நிமிடத்திலிருந்து என் நாள்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. இது எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 3ஆம் தேதி கடை அனுப்பியது. 6ஆம் தேதி கிடங்கு வாங்கிக்கொண்டது. காரணம் சொல்லாமல் திருப்புகிற ஏழு நாள் அன்றோடு ஆரம்பித்து 13ஆம் தேதி முடிந்தது. அதே 13ஆம் தேதி இன்னொன்றும் நடந்தது. அனுப்பிப் பத்து நாள் ஆகியும் நான் எதையும் அழுத்தாததால், ‘பொருள் கிடைத்தது’ என்று தளத்தின் கணினியே என் சார்பில் உறுதி செய்து, அதுவரை பிடித்து வைத்திருந்த பணத்தைக் கடைக்கு விடுவித்துவிட்டது. லேஸ் என் கைக்கு வந்தது 18ஆம் தேதி. எனக்கு மிச்சமிருந்தது, உறுதியான நாளிலிருந்து பதினைந்து நாள் ஓடும் புகார் நேரம் மட்டும். அதாவது 28ஆம் தேதி வரை. இது என் ஆர்டர் பக்கத்திலிருந்த கணக்கு. உங்கள் கடையில் நாள்கள் மாறலாம், கொஞ்சம் தேடிப் பாருங்கள்.

18ஆம் தேதி ராத்திரி ஒரு ரோலைப் பிரித்தேன். வழக்கமாக மேசை ஓரத்தில் ஒட்டியிருக்கிற அளவுநாடாவில் அளந்தபடியே சுற்றுவேன். முப்பத்தாறு கஜத்தில் அட்டை தெரிந்தது. தவறாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி அளந்தேன். முப்பத்தாறுதான். இன்னும் நான்கு ரோல் பிரித்தேன். எல்லாம் அப்படித்தான், ஒன்றில் அரை கஜம் கூட. வெளியே பார்த்தால் ரோல் நன்றாகத் தடிமனாக இருந்தது. உள்ளே அட்டைக் குழாய் என் கைவிரல் மூன்று நுழையும் அளவு பெரியது. ரோலுக்கு 14 கஜம் என்றால் இருபது ரோலுக்கு 280 கஜம். விலையில் 257 யுவான் அறுபது காசு, நம்ம கணக்கில் நூற்றைம்பது வெள்ளிக்கும் மேலே.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியைக் கூப்பிட்டுத் திரையைப் படிக்கச் சொன்னேன். அன்று அவர் காட்டியவற்றை அப்படியே எழுதுகிறேன், படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆர்டர்கள் பக்கத்தின் மேலே பட்டைகள் இருக்கும். 待收货 என்றால் பொருள் வர வேண்டியது. 待评价 என்றால் நீங்கள் விமர்சனம் எழுத வேண்டியது. ஆர்டர் இந்த இரண்டாவது பட்டைக்குள் போய்விட்டால் ‘கிடைத்தது’ என்று உறுதியாகிவிட்டது, கடைக்குக் காசு போய்விட்டது என்று அர்த்தம். பொருளையே பார்க்காத எனக்கு அது ஏன் விமர்சனம் கேட்கிறது என்று அன்று யோசித்திருக்க வேண்டும். 确认收货 என்று பெரிதாக, கண்ணைப் பறிக்கிற நிறத்தில் இருக்கும் பொத்தான்தான் ‘கிடைத்தது’. பொருளைப் பிரித்து அளக்காமல் அதைத் தொடாதீர்கள்.

திருப்பும் பொத்தான் வேறு இடத்தில் இருந்தது. நான் ஆர்டரின் அடியில் தேடிக்கொண்டே இருந்தேன். அங்கே இல்லை. ஆர்டரைத் திறந்து உள்ளே போனால், ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் சின்னதாக 申请售后 என்று இருந்தது. மூன்று பொருள் வாங்கினால் மூன்று தடவை. அதை அழுத்தினால் மூன்று வழி வரும். 仅退款 என்றால் பொருளைத் திருப்பாமல் காசு மட்டும் கேட்பது. 退货退款 என்றால் பொருளைத் திருப்பிக் காசு வாங்குவது. 换货 என்றால் மாற்றுப் பொருள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டாவதைத் தேர்ந்தால் அவர்கள் ஒப்புக்கொள்வார்கள், ஒரு சீன முகவரியும் தருவார்கள். ஏழு நாளுக்குள் கூரியர் எண்ணைப் பதியவில்லை என்றால் விண்ணப்பம் தானாக மூடிவிடும். ஒன்பது கிலோ லேஸை இங்கிருந்து சீனாவுக்கு அனுப்ப விலை விசாரித்தேன். கேட்ட தொகையில் லேஸே மிச்சமாகாது. மாற்றுப் பொருளும் அப்படித்தான், பழையதைத் திருப்பியாக வேண்டும். ஆகவே நான் எடுத்தது முதல் வழி. அதில் தொகைப் பெட்டியில் முழுத் தொகை தானாக வந்து நிற்கும், நாமே குறைக்கலாம். 257.60 என்று போட்டேன். அளவுநாடாவோடு ஐந்து படம், ஒரு ரோலை ஆரம்பம் முதல் அட்டை தெரியும் வரை அளக்கிற வீடியோ ஒன்று. இது வரை சரியாகத்தான் செய்தேன்.

ஒரு நாளில் கடையிலிருந்து செய்தி வந்தது.

“亲，麻烦您先撤销退款申请，我们给您补发。”

ஆன்ட்டி படித்துவிட்டுச் சிரித்தார். முதல் எழுத்து ‘அன்பே’ மாதிரியாம், வாடிக்கையாளரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மீதி: தயவுசெய்து முதலில் விண்ணப்பத்தை ரத்து செய்யுங்கள், குறைந்ததை நாங்கள் மறுபடி அனுப்புகிறோம். எனக்குக் காசைவிட லேஸ்தான் வேண்டும். நவராத்திரி நெருங்கிவிட்டது, ஏழு ரவிக்கை மேசையில் கிடக்கிறது. ஆன்ட்டி, “இல்லே, வேண்டாம், முதலில் அனுப்பச் சொல்லு” என்று மலாயில் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. 20ஆம் தேதி 撤销申请 என்பதை அழுத்தினேன். பக்கத்தில் 退款关闭 என்று வந்தது. விண்ணப்பம் மூடப்பட்டது.

அப்புறம் தினமும் கேட்டேன். ஏற்பாடு செய்துவிட்டோம் என்றார்கள். கிடங்கில் சரக்கு எண்ணுகிறோம் என்றார்கள். ஒரு நாள் பூங்கொத்துப் படம் அனுப்பினார்கள். கூரியர் எண் மட்டும் வரவே இல்லை. 29ஆம் தேதி காலையில் ஆர்டரைத் திறந்தேன். லேஸுக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்னப் பொத்தான் இல்லை. அன்று மதியம் முதல் என் செய்திகளுக்குப் பதிலும் இல்லை.

ஆன்ட்டி அப்போதுதான் விளக்கினார். விண்ணப்பம் உயிரோடு இருக்கும் வரைதான் 客服介入 என்ற பொத்தான் கிடைக்கும். அதை அழுத்தினால் விவகாரம் கடையைத் தாண்டித் தளத்தை நடத்துகிற நிறுவனத்தின் ஆளிடம் போகும். ரத்து செய்ததும் அந்தப் பொத்தானும் போச்சு. கடைக்காரனுக்குத் தெரியும், எனக்கு எட்டே நாள்தான் மிச்சம் என்று. எட்டு நாள் இனிமையாகப் பேசினால் போதும்.

இங்கே என்ன செய்ய முடியும் என்றும் பார்த்தேன். நான் எஃப்பிஎக்ஸில் கட்டியிருந்தேன், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேராக. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் ‘பொருள் சொன்னபடி இல்லை’ என்று பரிவர்த்தனையை மறுக்கக் கேட்கலாம். கணக்கிலிருந்து நானே அனுப்பிய பணத்துக்கு அந்த வழி கிடையாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கேட்கலாம். உள்ளூர்க் கடை என்றால் நான் அங்கேதான் போயிருப்பேன். ஆனால் மலேசியாவில் முகவரியே இல்லாத ஒருவனுக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது?

இப்போது நான் செய்வது இது. பார்சல் குவாங்சோ கிடங்கில் இருக்கும்போதே காரியத்தை முடிக்கிறேன், ஏனென்றால் திருப்புவது அங்கேதான் மலிவு. ஃபார்வர்டருக்குச் சில யுவான் கட்டினால் 验货 என்று பிரித்துப் பார்த்துப் படம் அனுப்புவார்கள். என்ன பார்க்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் டப்பாவை மட்டும் படமெடுத்து அனுப்புவார்கள். ‘ஒரு ரோலை முழுதாக அளந்து, கடைசி முனையை நாடாவோடு படமெடுங்கள்’ என்று ஆன்ட்டியிடம் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். கிடங்கு வாங்கிக்கொண்ட தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு, அதிலிருந்து ஏழு எண்ணி இன்னொரு வட்டம்.

போன மாதம் வேறு கடையில் பத்து ரோல் வாங்கினேன். இரண்டாம் நாள் கிடங்கிலிருந்து படம் வந்தது. நாடாவில் 43. அன்றே 退货退款 போட்டேன். கடைக்காரன் ‘அன்பே’ என்று ஆரம்பித்தான், ரத்து செய்யச் சொன்னான். ஆன்ட்டி என் கைபேசியை வாங்கி ஒரே வரி தட்டினார்: முதலில் அனுப்பு, கையில் வந்ததும் ரத்து செய்கிறேன். அவன் பதில் எழுதவில்லை, ஆனால் விண்ணப்பத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். கிடங்கிலிருந்தே கூரியரில் திருப்பினார்கள், எண்ணைப் பதிந்தேன், ஐந்தாம் நாள் முழுக் காசும் வந்தது. கூரியருக்கு 12 யுவான் மட்டும் போச்சு.