ஒன்பதாயிரம் வாங்கிக்கொண்டு கொடுத்த டேஷ்போர்டு: 10 நாள் இல்லாத சரக்கை 1 நாள் என்கிறது

எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். கொள்முதல், விற்பனை எல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில் வரிவரியாக ஏறும். அதிலிருந்து மூன்று விஷயம் தெரிய வேண்டும் என்று கேட்டேன்: சரக்கு எத்தனை முறை சுழல்கிறது, எது எத்தனை நாளாகத் தேங்கிக் கிடக்கிறது, எது எத்தனை நாள் கடையில் இல்லாமல் போனது. ஃப்ரீலான்ஸ் வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு தளத்தில் சிக்கியவர்தான் இந்த டேஷ்போர்டைச் செய்த ஆள். ரூ.9,000. முழுப்பணமும் முன்பணம்.

ஏன் நம்பினேன் என்றால், ஸ்கிரீன் ஷேரில் மாதிரி காட்டினார். ஸ்லைசரில் பிராண்டு பெயரைத் தட்டியதும் மூன்று சார்ட்டும் ஒரே நேரத்தில் மாறின, தேங்கிய சரக்கு சிவப்பில் வந்தது. "சரக்கு இல்லாத நாளும் வருமா தம்பி?" என்று குறிப்பாகக் கேட்டேன். "பிவட்லயே வந்துடும்ணா, ஒரு கிளிக்" என்றார். அந்த இடத்திலேயே பணத்தைப் போட்டுவிட்டேன்.

ஷீட்டில் இருக்கும் வரிகளைத் தொகுத்துக் காட்டும் எக்செல் வசதிதான் பிவட், அதில் இது அப்படியே வராது. இதுதான் இந்தப் பதிவின் விஷயமே.

9 வாட் பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 1 இருப்பு 40. 3ஆம் தேதி 15, 6ஆம் தேதி 12, 9ஆம் தேதி 13 விற்று பூஜ்யம். அடுத்த லோடு 20ஆம் தேதி காலையில் வந்தது. 10 முதல் 19 வரை பத்து நாள் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினோம். டேஷ்போர்டில் 1 நாள் என்று நிற்கிறது! அவர் செய்தது, இருப்பு பூஜ்யமாக உள்ள வரிகளை எண்ணியது. சரக்கே இல்லாத நாளில் விற்பனை ஏது, வரி ஏது? ஷீட்டில் இல்லாத வரியை பிவட் எப்படி எண்ணும்?

சரியான வழியைப் பக்கத்துக் கடைக்குக் கணக்கு பார்க்கும் தம்பி காட்டினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி என்று தனி டேபிள் போட வேண்டும். 300 பொருள், 30 நாள் என்றால் 9,000 வரி. பழைய ஷீட்டை Txn என்ற டேபிளாக்கி, அதில் வரவு கூட்டலாகவும் விற்பனை கழித்தலாகவும், ஆரம்ப இருப்பு முதல் வரியாகவும் இருந்தால், புது டேபிளில் Balance என்ற பத்தியில் இது போதும்:

```
=SUMIFS(Txn[Qty],Txn[Item],[@Item],Txn[Date],"<="&[@Date])
```

அடுத்த பத்தியில் `=IF([@Balance]<=0,1,0)`. இந்த டேபிளின் மேல் பிவட் போட்டு அந்தப் பத்தியைக் கூட்டினால் பல்புக்கு 11 வந்தது. 9ஆம் தேதி மாலை தீர்ந்ததையும் சேர்த்துக்கொள்கிறது, அதனால் ஒன்று கூடுதல். அது பரவாயில்லை.

தேங்கிய சரக்கும் பொய். ஃபேன் ரெகுலேட்டர் நவம்பரில் 120 வாங்கினேன், ஜூன் பாதியில் 10. மாதக் கடைசியில் கையில் 90. முதலில் வந்தது முதலில் போனதாக வைத்தால் இந்த 90இல் 80 நவம்பர் சரக்கு. அவரோ கடைசிக் கொள்முதல் தேதியை வைத்து 90ஐயும் '0-30 நாள்' கட்டத்தில் போட்டுப் பச்சை அடித்திருக்கிறார்.

சுழற்சியோ இன்னும் கேவலம். விற்ற சரக்கின் கொள்முதல் விலையைச் சராசரி இருப்பு மதிப்பால் வகுக்க வேண்டும். அவர் விற்பனைத் தொகையைக் கடைசி நாள் இருப்பால் வகுத்திருக்கிறார். கடைசி நாள் இருப்பு பூஜ்யம் என்றால் பிழை வரும் இல்லையா, அதை பிவட் ஆப்ஷனில் 0 என்று மறைத்துவிட்டார். மாதம் முழுக்கப் பறந்த 6 ஆம்ப் சுவிட்ச் 'சுழற்சி 0' என்று பட்டியலின் அடியில் கிடக்கிறது.

கேட்டால் முதல் பதில், "Refresh All அடிங்கண்ணா." அடித்தேன். ஜூலை வரிகள் வரவே இல்லை, ஏனென்றால் பிவட்டின் மூலம் `Sheet1!$A$1:$H$4200` என்று பூட்டியிருக்கிறது. அடுத்து, "உங்க டேட்டா சரியில்லை." அதற்கடுத்து, "அது தனி வேலை, இன்னும் 4,000 ஆகும்." அப்புறம் மெசேஜ் பார்த்ததாகக் காட்டும், பதில் இல்லை. தளத்தில் புகார் செய்தால், ஃபைல் வந்து சேர்ந்துவிட்டது, ஆட்சேபணைக் காலம் முடிந்துவிட்டது என்று அச்சடித்த பதில். ஒன்பதாயிரம் போச்சு. எங்கள் கடையில் அது ஒரு பையனின் பாதி மாதச் சம்பளம்.

என்ன செய்யணும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சரக்கு தீர்ந்து மறுபடி வந்த ஒரு பொருளைக் கையால் எண்ணி வைத்துக்கொண்டு, அதே எண் டேஷ்போர்டில் வந்த பிறகு மீதிப்பணம் கொடுங்கள். அவர் முன்னாலேயே ஒரு புது வரி சேர்த்து ரெஃப்ரெஷ் செய்து பாருங்கள். முழுப்பணமும் முன்பணம் கேட்டால் வேண்டாம். சிவப்பு, பச்சை, ஸ்லைசர் எதையும் பார்த்து மயங்காதீர்கள், அதற்குத்தான் என் ஒன்பதாயிரம் போனது.