ஒரே பின்னேரத்தில கன குடும்பம் வீடு பாக்க வந்தால்: எல்லாரையும் ஒண்டா கூப்பிடுறதோ, ஆளுக்கொரு நேரம் குடுக்கிறதோ?

யாழ்ப்பாணத்தில நல்ல வீடு ஒண்டு வாடகைக்கு விடுறம் எண்டு வட்ஸ்அப்பில போட்டால் அண்டைக்கே ஃபோன் அடிக்கத் தொடங்கிடும், அதிலயும் பல்கலைக்கழகத்துக்கோ போதனா வைத்தியசாலைக்கோ கிட்ட எண்டால் சொல்லவே தேவையில்லை. வீட்டுக்காரர் கனடாவிலயோ லண்டனிலயோ இருப்பினம், இங்க திறப்பு வச்சிருக்கிற நாங்கள்தான் வாற எல்லாருக்கும் காட்டோணும். நான் சொந்தக்காரரின்ர வீடுகளை இப்பிடி பாத்துக் குடுக்கிறனான். ஒரு நாளைக்கு ஒராள் எண்டு காட்டினால் ரெண்டு கிழமை போயிடும், அதால ஒரு பின்னேரத்திலயே முடிக்கிறதுதான் வசதி. அதுக்கு நம்மட ஆக்கள் செய்யிற முறை மூண்டு இருக்கு, மூண்டையும் வச்சு எது எந்த இடத்துக்கு சரி எண்டு எனக்குத் தெரிஞ்சதை சொல்லுறன்.

முதலாவது, "சனிக்கிழமை மூண்டுக்கும் அஞ்சரைக்கும் இடையில எப்பவும் வாங்கோ" எண்டு பொதுவா சொல்லி விடுறது. சொல்லுற ஆளுக்கு சுகம், லிஸ்ற் ஒண்டும் எழுதத் தேவையில்லை. ஆனா ஆக்கள் அந்த ரெண்டரை மணித்தியாலத்துக்கும் பரவி வரமாட்டினம். வெயில் கொஞ்சம் தணியட்டும் எண்டு எல்லாரும் நாலேகால், நாலரைக்குத்தான் வெளிக்கிடுவினம், மூண்டு மணிக்கு நாங்கள் விறாந்தையில சும்மா குந்தியிருக்க நாலரைக்கு கேற்றடியில நாலு குடும்பம் நிக்கும். ஒழுங்கைக்குள்ள வீடு எண்டால் இன்னும் கரைச்சல், ஒரு வான் உள்ள நிண்டால் மற்ற வாகனம் விலத்த ஏலாது, பக்கத்து வீட்டுக்காரர் வெளிய வந்து பேசத் தொடங்குவார்.

அதைவிட பெரிய பிரச்சினை வீட்டுக்குள்ள நடக்கும். ஒரு குடும்பம் குசினியை பாத்துக்கொண்டு நிக்கேக்க மற்றவை ஹோலுக்குள்ள வந்திடுவினம், முதல் வந்தவருக்கு பதற்றம் வந்து கிணத்தைக்கூட பாக்காமல் "தம்பி நாங்கள் எடுக்கிறம், இப்பவே காசு தாறம்" எண்டு கையில திணிப்பார், அடுத்தவர் "நாங்கள் கூடத் தாறம்" எண்டுவார். வாடகை கூடினால் நல்லம்தானே எண்டு வீட்டுக்காரர் நினைக்கலாம், ஆனா அவசரத்தில எடுத்த ஆள் குடிவந்து ரெண்டு மாசத்தில "தண்ணி உப்பு, குடிக்க ஏலாது" எண்டு வெளிக்கிடுவார். பிறகு திரும்ப முதல்ல இருந்து.

இன்னொண்டும் இருக்கு. இங்க ஆளுக்காள் தெரிஞ்ச ஊர். ஒரே ஒஃபிசில வேலை செய்யிற ரெண்டு பேர், இல்லாட்டி இப்ப இருக்கிற வீட்டுக்காரரின்ர சொந்தம் ஒராள், எல்லாரும் ஒரே விறாந்தையில சந்திச்சால் தாங்கள் வீடு மாறப்போறது வெளிய தெரிஞ்சிடும் எண்டு சிலபேர் கேற்றடியோடயே திரும்பிப் போயிடுவினம்.

ரெண்டாவது முறை, ரெண்டு மூண்டு குடும்பத்தை ஒரு ஸ்லொட்டில போட்டு அரை மணித்தியாலத்துக்கு ஒரு செற் எண்டு கூப்பிடுறது. மேல சொன்ன நெரிசல் பாதி குறையும், ஆனா வாடகை பேசுற இடத்தில அதே சங்கடம்தான், ஒருவர் குறைச்சுக் கேக்க நினைச்சாலும் மற்றவருக்கு முன்னால கேக்கமாட்டார், பிறகு இரவு ஃபோன் எடுத்துத்தான் கேப்பார். முழு வீட்டுக்கு இது எனக்குப் பிடிக்காது. ஆனா திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் கம்பஸ் பிள்ளையளுக்கு ஒரு அறை விடுறதெண்டால் இதுதான் நல்லம், அதுகள் எப்பிடியும் கூட்டாத்தான் வருங்கள், அறையும் பாத்ரூமும் பாக்க அஞ்சு நிமிசம் போதும், கால் மணித்தியாலத்துக்கு மூண்டு பேர் எண்டு கூப்பிட்டால் ஒரு மணித்தியாலத்தில வேலை முடிஞ்சிடும்.

மூண்டாவதுதான் ஆளுக்கொரு நேரம். குடும்பத்துக்கு விடுற வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்லுவன், ஆனா சும்மா நேரத்தை பிரிச்சுக் குடுத்தால் காணாது, இடைவெளி விடாமல் பிரிச்சால் இது முதலாவதை விட மோசமாப் போகும்.

ஒரு வீடு பாக்க உண்மையா எவ்வளவு நேரம் போகுது எண்டு பாருங்கோ. ரெண்டு அறை, ஹோல், குசினி, பாத்ரூம் பாக்க ஏழெட்டு நிமிசம். பிறகு எல்லாரும் பின்னுக்கு கிணத்தடிக்குப் போவினம். இங்க நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லு, கிணத்துக்குக் கிணறு தண்ணி மாறும், அதால அம்மாமார் வாளியில அள்ளி ஒரு வாய் வச்சுப் பாக்காமல் வரமாட்டினம், ஐயா மோட்டரை போடச்சொல்லி மேல தாங்கிக்கு தண்ணி ஏறுதோ எண்டு பாப்பார். அது நாலு நிமிசம். ஆக பன்ரண்டு நிமிசம். அதுக்குப் பிறகு விறாந்தையில நிண்டு வாடகை, முற்பணம் கதைக்கிறது, செருப்புப் போட்டு வாகனம் எடுத்து ஒழுங்கையால வெளிக்கிடுறது எண்டு இன்னும் ஏழெட்டு. அதால 20 நிமிசத்துக்கு ஒரு குடும்பம் எண்டு வையுங்கோ, 15 எண்டு வையாதேங்கோ.

15 எண்டு வச்சால் என்ன நடக்கும்? 3.15 ஆள் பத்து நிமிசம் பிந்தி 3.25க்கு வந்தால் 3.45க்குத்தான் வெளிக்கிடுவார், அதுக்குள்ள 3.30 ஆள் வந்து நிப்பார், அவர் முடிய 3.45 ஆள் வந்து நிப்பார், கடைசி ஆள் வரைக்கும் அந்தப் பிந்தல் கூடிக்கொண்டே போகுமே ஒழிய குறையாது. 20 எண்டால் 3.20 ஆள் அதே பத்து நிமிசம் பிந்தி 3.30க்கு வந்து 3.50க்கு வெளிக்கிட்டால் 3.40 ஆள் விறாந்தைக் கதிரையில பத்து நிமிசம் இருக்கோணும், ஆனா அந்தப் பிந்தல் அதுக்கு மேல கூடாது, நடுவில ஒரு ஸ்லொட்டை வெறுமையா விட்டால் அதோட தீந்துடும்.

இனி எந்த நாள் எண்ட கேள்வி. ஞாயிறு எல்லாருக்கும் லீவு எண்டு நினைச்சு ஞாயிறு பின்னேரம் போடுவினம், ஆனா ஞாயிறு நாலரையில இருந்து ஆறு வரை ராகுகாலம், புது வீடு பாக்க அந்த நேரத்தில கனபேர் கால் வைக்கமாட்டினம், "வாறன்" எண்டு சொல்லிப்போட்டு வராமல் விடுவினம். சனிக்கிழமை ராகுகாலம் காலம ஒன்பதுக்கு, எமகண்டம் ஒண்டரையில இருந்து மூண்டு வரை. அதால சனி மூண்டு மணிக்குத் தொடங்குறது எல்லாருக்கும் ஒத்துவரும். முடிவு 5.40. அதுக்கு மேல இழுத்தால் மார்கழி மாதிரி நாளில இருட்டிப்போடும், சுவரில ஈரம் ஊறியிருக்கோ எண்டு வடிவாப் பாக்க ஏலாது, வாறவைக்கு அது அநியாயம்.

3.00 தொடக்கம் 5.40 வரை 160 நிமிசம், எட்டு ஸ்லொட். ஆனா எட்டு குடும்பத்துக்குக் குடுக்காதேங்கோ, ஏழு பேருக்குக் குடுத்திட்டு 4.20ஐ வெறுமையா விடுங்கோ. பிந்தி வாற ஆளை அதுக்குள்ள போடலாம், ஒருவரும் பிந்தாட்டி நீங்கள் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

பதினொரு பேர் கேட்டால் என்ன செய்யிறது? ஃபோனிலயே நாலு கேள்வி கேளுங்கோ: எத்தனை பேர் இருக்கப்போறியள், எப்ப குடிவருவியள், இவ்வளவு மாச முற்பணம் சரியோ, என்ன வாகனம் நிக்கும். ஒருவர் ஒஃபிஸ் போட எண்டு சொல்லுவார், ஒருவர் மூண்டு மாசம் கழிச்சுத்தான் எண்டுவார், ரெண்டு பேர் முற்பணம் கேட்டோடன வேண்டாம் எண்டுவினம். மிச்சம் ஏழு. பாக்க வந்த பிறகு இதுகளை சொன்னால் அவையின்ர பெற்றோலும் வீண், உங்கட ஸ்லொட்டும் வீண்.

நேரம் குடுக்கேக்க "உங்களுக்கு எப்ப வசதி" எண்டு கேளாதேங்கோ, எல்லாரும் நாலரை எண்டுதான் சொல்லுவினம். "அக்கா, 3.40 இல்லாட்டி 5 மணி, எது சரிவரும்?" எண்டு ரெண்டே ரெண்டைக் குடுங்கோ. பருத்தித்துறை, சாவகச்சேரி பக்கமிருந்து பஸ்ஸில வாறவைக்கு நடுவில குடுங்கோ, முதல் ஸ்லொட் பக்கத்தில இருக்கிற ஆளுக்கு. பிள்ளையை ரியூசனுக்கு ஏத்தி இறக்கிற ஆக்கள் தாங்களே நேரம் சொல்லுவினம், அதைக் கேளுங்கோ.

எதில எழுதி வைக்கிறது? ஒரு வட்ஸ்அப் குரூப் துறந்து எல்லாரையும் போடுறதை செய்யவே வேண்டாம், எல்லாற்ற நம்பரும் எல்லாருக்கும் தெரியும், ரெண்டு பேர் ஒரே நேரத்தில "எனக்கு 4 மணி" எண்டு அடிப்பினம். கூகிள் ஃபோர்ம் ஒருவர் எடுத்த நேரத்தை தானா மறைக்காது, அதால ஒரே நேரத்துக்கு ரெண்டு பேர் வரலாம். கூகிள் கலண்டரில இருக்கிற புக்கிங் பக்கம் மறைக்கும், அது நல்லது, ஆனா பதியிற ஆள் ஈமெயில் குடுக்கோணும், இங்க கனபேர் ஈமெயிலை திறந்தே பாக்கிறேல்லை. ரொறன்ரோவில இருக்கிற வீட்டுக்காரர் அதை செய்யிறதெண்டால் நேர வலயத்தை கொழும்பு எண்டு மாத்தினாரோ எண்டு ஒருக்கா கேளுங்கோ, இங்க பின்னேரம் மூண்டு மணி அங்க கோடையில விடிய அஞ்சரை. இருபது பேருக்கு மேல எண்டால் அந்தப் பக்கம் பிரயோசனம், ஏழு பேருக்கு கொப்பியும் பேனையும் காணும், பிறகு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி மெசேஜ்:

"வணக்கம் அக்கா. சனிக்கிழமை 3.40க்கு உங்கட நேரம். 20 நிமிசம் உங்களுக்கு மட்டும். பத்து நிமிசத்துக்கு மேல பிந்தினால் 4.20க்கு காட்டுறன். எல்லாரும் பாத்து முடிஞ்ச பிறகுதான் முடிவு, அதுக்கு முதல் ஒருவரிட்டையும் காசு வாங்கமாட்டன். சனி காலம வாறன் எண்டு ஒரு பதில் போடுங்கோ."

அந்தக் காசு வரிதான் எல்லாத்திலயும் முக்கியம். முதல் ஆளிட்ட முற்பணத்தை வாங்கிப்போட்டால் மிச்ச ஆறு பேரும் சும்மா அலைஞ்சதாப் போகும், அது அவைக்கும் தெரிய வரும். சனி பன்ரண்டு மணிவரை பதில் போடாத ஆளுக்கு ஒருக்கா ஃபோன் எடுங்கோ, தூக்காட்டி அந்த நேரத்தை பிந்திக் கேட்ட, கிட்ட இருக்கிற ஒருவருக்குக் குடுங்கோ.

பழைய ஆக்கள் இன்னும் வீட்டில இருக்கினம் எண்டால் முதல் ரெண்டு முறையையும் யோசிக்கவே வேண்டாம், அவையின்ர அலுமாரியும் சாமியறையும் இருக்கிற வீட்டுக்குள்ள கூட்டத்தை விடுறது சரியில்லை. அவையிட்ட முதல்லயே லிஸ்றைக் காட்டி, சமைக்கிற நேரம், பிள்ளை நித்திரை கொள்ளுற நேரம் கேட்டு அந்த ஸ்லொட்டை வெட்டிவிடுங்கோ.

பாத்து முடிஞ்சு இரவு எட்டு மணிக்குள்ள முதல் ஆள், ரெண்டாவது ஆள் எண்டு வீட்டுக்காரரோட கதைச்சு முடிவெடுங்கோ. முதல் ஆளிட்ட "திங்கள் பின்னேரத்துக்குள்ள முற்பணம்" எண்டு சொல்லுங்கோ, ரெண்டாவது ஆளிட்ட உள்ளதைச் சொல்லி திங்கள் வரை பொறுக்கேலுமோ எண்டு கேளுங்கோ, மிச்சப்பேருக்கு அண்டைக்கு இரவே இல்லை எண்டு சொல்லிவிடுங்கோ, ஞாயிறு அவை வேற வீடு பாக்கப் போகலாம்.