பெரிய டயர் போட்ட பிறகு மீட்டரைத் திருத்துவது: கோடிங்கா, கரெக்டர் பெட்டியா, மனக்கணக்கா?

215/65 R16 இருந்த வண்டியில் 235/70 R16 போட்டேன். டயரின் உயரம் 686 மில்லிமீட்டரிலிருந்து 735 ஆனது, அதாவது சுமார் 7.2 சதவீதம் கூடுதல். சக்கரம் ஒரு சுற்றுக்கு இப்போது அதிக தூரம் ஓடுகிறது, ஆனால் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, பழைய சுற்றளவை வைத்தே கணக்குப் போடுகிறது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், நான் முதலில் இங்கேதான் தவறினேன். வேகமானியும் கிலோமீட்டர் மீட்டரும் சக்கரம் சுழலும் ஒரே கணக்கிலிருந்துதான் தகவல் எடுக்கின்றன, ஆனால் இரண்டும் ஒரே அளவு உண்மை சொல்வதில்லை. ஐ.நா. விதி 39-இன்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். அதனால் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றி வைக்கிறார்கள். தூரத்துக்கு அப்படி ஏற்றுவது வழக்கமில்லை. என் வண்டியில் பழைய டயரோடு உண்மை வேகம் 100 என்றால் மீட்டர் 104 காட்டியது, தூரமோ சரியாக இருந்தது. புது டயரோடு 100-க்கு 97 காட்டியது, 50 கிலோமீட்டர் ஓடினால் 46.6 என்றது. அந்த 50-க்கு 4 லிட்டர் செலவானால் உண்மையான மைலேஜ் 12.5, டிரிப் கம்ப்யூட்டர் சொல்வது 11.7 தான். எரிபொருள் அளவை அது இன்ஜெக்டர் திறக்கும் நேரத்திலிருந்து எடுக்கிறது, அங்கே டயருக்கு வேலை இல்லை. தூரம் மட்டும்தான் பிழை. பெரிய டயர் மைலேஜைக் கெடுத்துவிட்டது என்று பலர் நினைப்பதில் ஒரு பங்கு இந்த கணக்குப் பிழைதான்.

சரி, இனி வழிகள்.

மனக்கணக்கு: செலவில்லை. டயர் மாற்றம் 2 அல்லது 3 சதவீதத்துக்குள் என்றால் இதுவே போதும், வேகமானியின் பழைய ஏற்றமே அதை விழுங்கிவிடும். என்னுடையதுபோல 7 சதவீதம் என்றால் ஏற்கமாட்டேன். மீட்டர் குறைத்துக் காட்டும் வண்டியை ஓட்டுவது ஆபத்து, சர்வீஸ் கிலோமீட்டரும் தள்ளிப்போகும்.

கரெக்டர் பெட்டி: கியர்பாக்ஸில் வேக சென்சார் இருக்கும் பழைய வண்டிகளுக்கு இது நல்ல வழி. சென்சாரின் சிக்னல் ஒயரை வெட்டி நடுவில் பெட்டியை வைத்தால், வரும் துடிப்புகளை நாம் சொல்லும் விகிதத்தில் பெருக்கி அனுப்பும். ஏபிஎஸ் சக்கர சென்சார்களிலிருந்து வேகம் எடுக்கும் புது வண்டிகளில் இதைத் தொடாதீர்கள், அந்த சிக்னலை நம்பித்தான் பிரேக் வேலை செய்கிறது.

என் வண்டியில் சென்சார் கியர்பாக்ஸில்தான், அதனால் பெட்டி வாங்கினேன். ஜிபிஎஸ் 100 காட்டும்போது மீட்டரும் 100 காட்டுமாறு விகிதத்தை 1.031 என்று வைத்தேன், முள் அழகாக நின்றது. அப்புறம் அதே 50 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தால் மீட்டரில் 48 தான் ஏறியிருந்தது! வேகமானியின் 4 சதவீத ஏற்றத்தையும் சேர்த்து நான் நேராக்கிவிட்டதால் தூரத்துக்குத் தேவையான திருத்தம் கிடைக்கவில்லை. விகிதத்தை 1.072 ஆக்கியதும் தூரம் 50 ஆனது, வேகமானி பழையபடி 104-க்குப் போனது. அதுதான் சரியான நிலை. ஆகவே எப்போதும் தூரத்தை வைத்துத் திருத்துங்கள், வேகத்தை வைத்து அல்ல.

கோடிங்: புது வண்டிகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஒயர் வெட்ட வேண்டாம்; கண்டறியும் சாக்கெட்டில் கருவியைச் செருகி, வண்டியில் பதிந்திருக்கும் டயர் அளவை மாற்றினால் வேகம், தூரம், மைலேஜ், க்ரூஸ் எல்லாம் சேர்ந்து சரியாகும். பல ஃபோர்டு வண்டிகளில் FORScan என்ற மென்பொருள் மூலம் சுற்றளவை மில்லிமீட்டரிலேயே எழுதலாம். வேறு சில வண்டிகள் தயாரிப்பாளரின் டயர் பட்டியலிலிருந்து ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க விடும், நம் அளவு அதில் இல்லையென்றால் மிக அருகில் இருப்பதோடு நிற்க வேண்டும். சிலவற்றில் இந்த வசதியே கிடையாது. மாற்றும் முன் பழைய மதிப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி சார்ஜரும் இணைத்திருக்கட்டும், எழுதும்போது மின்னழுத்தம் விழுந்தால் மாட்யூல் கெட வாய்ப்புண்டு.

எந்த எண்ணை எழுதுவது? டயரில் அச்சடித்த அளவிலிருந்து விட்டத்தைக் கணக்கிட்டு 3.14-ஆல் பெருக்கினால் கிடைப்பது கொஞ்சம் அதிகம், ஏனென்றால் வண்டியின் எடையில் டயர் அமுங்குகிறது. ஆளை உட்கார வைத்து, சரியான காற்றோடு, டயரிலும் தரையிலும் சாக்பீஸ் குறி போட்டு ஐந்து சுற்று உருட்டி, கடந்த தூரத்தை ஐந்தால் வகுத்துப் பாருங்கள். அதைவிட எளிது, வண்டியில் முன்பே இருக்கும் எண்ணை 1.072 போன்ற விகிதத்தால் பெருக்குவது. பிறகு ஜிபிஎஸ் பதிவோடு 50 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். அரை கிலோமீட்டருக்குள் வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள்: புது டயர் 8 மில்லிமீட்டர் பள்ளத்திலிருந்து 2-க்குத் தேய்வதற்குள் விட்டமே 12 மில்லிமீட்டர் குறையும், இந்த அளவில் அது ஒன்றரை சதவீதத்துக்கு மேல்.