இனிஷியலும் பிறந்த தேதியும்: மூன்று வார லீவில் பி.எஃப். கணக்கைச் சரிசெய்த கதை

கடலூரில் எங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில் ஒரு பழைய சம்பளச் சீட்டு கிடந்தது. சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனி கொடுத்தது. 2014-இல் அங்கிருந்து கிளம்பி தோஹாவுக்குப் போனேன். சில வருடங்களில் கம்பெனியையே மூடிவிட்டார்கள். அந்தச் சீட்டில் என் பி.எஃப். எண் இருந்ததால்தான் இந்த முறை லீவில் என் பணத்துக்கு வழி பிறந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு பழைய பி.எஃப்.பை எடுக்க நினைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

சிக்கல் தோஹாவில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள எண்ணான யு.ஏ.என். எண்ணோடு ஆதாரை இணைக்கப் பார்த்தேன், விவரம் ஒத்துப்போகவில்லை என்று வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

```
PF:     SENTHIL KUMAR K             07/04/1984
ஆதார்:  SENTHILKUMAR KALIYAPERUMAL  04/07/1984
```

பெயரில் ஒரு இடைவெளி கூடுதல். அப்பா பெயர் முழுதாக இல்லாமல் இனிஷியலாக நிற்கிறது. தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. நான் பிறந்தது ஜூலை 4, அது ஏப்ரல் 7 ஆகிவிட்டது. வேலையில் சேர்ந்தபோது படிவத்தைக் கையால் எழுதிக் கொடுத்தேன், பிறகு கம்பெனியில் யாரோ கணினியில் ஏற்றும்போது மாதம் முன்னால் போயிருக்க வேண்டும். நமக்கு இது ஒரே ஆள் என்று பார்த்தவுடனே புரிகிறது. ஆனால் ஆதாரோடு சரிபார்க்கும் கணினிக்குப் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஆதார் இணையாது, இணையாமல் ஆன்லைனில் பணம் கேட்க முடியாது.

ஊருக்கு வந்த மறுநாளே என் மச்சானிடம் இதைச் சொன்னேன். அவருக்கும் போன வருடம் பெயரில் பிழை இருந்ததாம். "உக்காந்த இடத்துலேயே பத்து நிமிஷத்துல மாத்திட்டேன், நீங்க எதுக்கு ஆபீசுக்குப் போறீங்க?" என்றார். அவர் சொன்னது உண்மைதான், ஆனால் அவர் நிலைமை வேறு. 2025 ஜனவரியில் வந்த மாற்றத்தின்படி, 2017 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ யு.ஏ.என். எண் வாங்கி, அது ஆதாரோடு சரிபார்க்கப்பட்டிருந்தால், பெயர், பிறந்த தேதி போன்றவற்றை உறுப்பினரே இணையத்தில் திருத்திக்கொள்ளலாம். கம்பெனியும் வேண்டாம், அலுவலக ஒப்புதலும் வேண்டாம். அந்தத் தேதிக்கு முந்தைய எண் என்றால் கம்பெனி வழியாகப் போக வேண்டும். ஆதாரே இணையாத எண் என்றால் அந்த மாற்றத்தின்படி காகிதத்தில் ஜாயின்ட் டிக்ளரேஷன் படிவம்தான். உறுப்பினரும் முதலாளியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, "இதுதான் சரியான விவரம்" என்று கொடுக்கும் படிவம் அது. என் எண் 2014-இல் வந்தது, ஆதார் இணையவில்லை, கையெழுத்துப் போட முதலாளியும் இல்லை. மூன்றுமே எனக்கு எதிர்ப்பக்கம்.

கம்பெனி மூடியிருந்தால் யாரிடம் கையெழுத்து வாங்குவது? பலரும் இங்கேதான் "இனி நடக்காது" என்று விட்டுவிடுகிறார்கள். அதற்கும் விதியில் வழி உண்டு. முதலாளிக்குப் பதிலாக மாஜிஸ்திரேட், கெசட்டட் அதிகாரி, போஸ்ட் மாஸ்டர், எம்.எல்.ஏ., எம்.பி., அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தின் தலைவர், நாம் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் மேலாளர் ஆகியோரில் ஒருவர் சான்றொப்பம் இடலாம். என்னை ஏற்கெனவே தெரிந்து, என் ஆவணங்களைத் தன்னிடமே வைத்திருப்பவர் வங்கி மேலாளர்தான் என்பதால் அங்கே போனேன். மூலச் சான்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். முத்திரை மை காய்வதற்குள் தாளை மடித்ததில் பதவிப் பெயர் இழுகிவிட்டது. அதைப் பார்த்தவர் தானே இன்னொரு படிவம் கேட்டு வாங்கி, மறுபடி கையெழுத்திட்டு, பெயரும் பதவியும் கிளையும் தெளிவாக விழுகிற மாதிரி அழுத்திக் குத்தினார். யார் சான்றளித்தார் என்று படிக்க முடியாத படிவம் திரும்பி வந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நாம் குடியிருக்கும் ஊரைப் பொறுத்ததல்ல, கம்பெனியின் பி.எஃப். கணக்கு எங்கே பதிவாகியிருக்கிறதோ அந்த அலுவலகம். சம்பளச் சீட்டில் இருக்கும் பி.எஃப். எண்ணின் முதல் எழுத்துகளே அதைச் சொல்லிவிடும். `TNMAS` என்று தொடங்கினால் சென்னை. என் கம்பெனி புதுச்சேரி எல்லைக்குள் இருந்தது, அதனால் புதுச்சேரி அலுவலகம். மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால் கன்னியகோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் குறைதீர் முகாம் நடத்துகிறார்கள், ஆனால் அந்தத் தேதிவரை காத்திருந்தால் என் லீவு தீர்ந்துவிடும்.

விசாரணை கவுன்டரில் இருந்தவர் படிவத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "பிறந்த தேதிக்கு என்ன சார் ப்ரூஃப்?" ஆதார் நகலை நீட்டினேன். அவர் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, "இது பிறந்த தேதிக்குச் செல்லாது சார், வேற ஏதாவது கொடுங்க" என்றார்.

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்கும்போது முரண்பாடு போலத் தோன்றும். பி.எஃப். கணக்கில் உள்ள தேதி ஆதாரில் உள்ள தேதியோடு பொருந்தியே ஆக வேண்டும். ஆனால் கையில் படிவம் கொடுத்துத் தேதியைத் திருத்தும்போது, அதற்கு ஆதாரையே சான்றாகக் காட்ட முடியாது. 2024 ஜனவரியில் பிறந்த தேதிச் சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டார்கள். ஆதார் நம் அடையாளத்தைச் சொல்லும், நாம் எப்போது பிறந்தோம் என்பதை அது நிரூபிக்காது என்பதே காரணம். அதற்குப் பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், டி.சி., பாஸ்போர்ட், பான் போன்றவை வேண்டும். ஆகவே ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே ஆதாரில் உள்ள தேதியும் பள்ளிச் சான்றில் உள்ள தேதியும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். அவை இரண்டும் வேறாக இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்திவிட்டுத்தான் பி.எஃப். பக்கம் போக வேண்டும். பி.எஃப். கணக்கில் பெயரையும் பிறந்த தேதியையும் பொதுவாக ஒரு தடவைதான் திருத்த விடுவார்கள். அந்த ஒரு தடவையைத் தப்பான இலக்குக்குச் செலவழித்தால் அப்புறம் பெரிய சிரமம்.

என் டிப்ளமோ டி.சி. அங்கே கைகொடுத்தது. அதில் பிறந்த தேதி எண்ணில் மட்டுமல்ல, எழுத்திலும் இருக்கும். `04/07` என்பதை ஏப்ரல் என்றும் படிக்கலாம், ஜூலை என்றும் படிக்கலாம். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் அந்தச் சந்தேகமே இல்லை. அவர் விரலை அந்த வரிமேல் வைத்துப் படித்துவிட்டு, "இது போதும்" என்றார்.

அடுத்து பெயர். "இனிஷியலை விரிச்சுக் கேக்குறீங்க. கே-ன்னா கலியபெருமாள்தான்னு எதுல சார் இருக்கு?" நியாயமான கேள்வி. கே என்று தொடங்கும் எந்தப் பெயரும் இருக்கலாமே. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை மட்டும்தான் நகல் எடுத்திருந்தேன். அதில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன, ஆனால் பின்னது அப்பா பெயர் என்று இல்லை. அப்பா பெயர் கடைசிப் பக்கத்தில், முகவரிக்கு மேலே இருக்கிறது. வெளியே போய் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, கையெழுத்திட்டுக் கொண்டுவந்து சேர்த்தேன். சம்பளச் சீட்டில் `SENTHIL KUMAR K`, பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் அப்பா பெயரும், டி.சி.யில் அதே அப்பா பெயரும் பிறந்த தேதியும். பழைய ஆளையும் புதிய ஆளையும் இணைக்கும் சங்கிலி அப்போதுதான் முழுமையானது.

சிறிய திருத்தத்துக்கு இரண்டு சான்று, பெரிய திருத்தத்துக்கு மூன்று என்பது கணக்கு. பிறந்த தேதியில் மூன்று வருடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது பெரிய திருத்தம். என்னுடையது மூன்று மாதத்துக்கும் குறைவுதான். ஆனாலும் ஆதார், பாஸ்போர்ட், டி.சி. என மூன்றையும் கொடுத்துவிட்டேன். மறுபடி ஒருமுறை தோஹாவிலிருந்து வர முடியாதே. சம்பளச் சீட்டு தனி. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த ஆள் நான்தான் என்பதற்கு, கம்பெனியே இல்லாத நிலையில், அதுதான் சாட்சி. தயவுசெய்து பழைய சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம், அடையாள அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஒப்புகையோடு கிளம்பும்போது இன்னொன்றையும் அவர் சொன்னார்: "ஆதார்ல இருக்கற மொபைல் நம்பர் வேலை செய்யுதா பாருங்க." என்னுடையது வேலை செய்யவில்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண் அது. திருத்தம் முடிந்தாலும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். அன்றைக்கே ஆதார் மையத்தில் அக்கா வீட்டில் உள்ள ஒரு எண்ணைப் பதிவு செய்தேன்.

பன்னிரண்டாம் நாள் இணையத்தில் பெயரும் தேதியும் மாறியிருந்தன. ஆதார் இணைந்தது. வேலையை விட்ட தேதி பதிவாகாமல் இருந்ததை நானே குறித்தேன். வங்கிக் கணக்காக, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்கைக் கொடுத்தேன். ஐந்து வருடத்துக்கு மேல் சேவை இருந்ததால் வரிப் பிடித்தம் இல்லை. பத்து வருடத்துக்குக் குறைவு என்பதால் பி.எஃப்.புக்குப் படிவம் 19-உம் பென்ஷன் பங்குக்கு 10சி-யும் சேர்த்து விண்ணப்பித்தேன்.

தோஹா திரும்பிய இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை, அக்கா போன் செய்தாள். "டேய், உன் பேருல பேங்க் மெசேஜ் ரெண்டு வந்திருக்குடா, படிக்கட்டுமா?" என்றாள்.