முதியோர் பராமரிப்பு: குறுகிய காலப் பயிற்சியா, முழு நர்சிங் படிப்பா?

முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: சில வாரப் பயிற்சியோடு பராமரிப்பாளராகச் சேர்ந்துவிடலாமா, இல்லை மூன்று நான்கு வருடம் நர்சிங் படித்துவிட்டு முதியோர் பிரிவுக்கு வரலாமா? கிடைக்கும் பதில்கள் எல்லாம் சம்பளத்தைப் பற்றியும் வேலை கிடைக்குமா என்பதைப் பற்றியும்தான். வேலை கிடைக்கும், அதில் பெரிய சந்தேகம் வேண்டாம். 80 வயதைத் தாண்டியவர்கள் 2020-லிருந்து 2050-க்குள் மூன்று மடங்காகி 42.6 கோடியைத் தொடுவார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அந்த வயதில் ஒருவருக்கு ஆபரேஷனைவிட அதிகம் தேவைப்படுவது குளிக்க, எழுந்து உட்கார, மாத்திரையைச் சரியாகப் போட ஓர் ஆள். ஆக இரண்டு வழியிலும் வேலை இருக்கிறது. ஆனால் ஒரே கட்டிலின் இரு பக்கத்திலும் நடப்பது இரண்டு வெவ்வேறு வேலை, அவை ஆளைக் களைப்பாக்கும் விதமும் வேறு. சேருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி.

முதலில் படிப்பு. பராமரிப்பாளர் பயிற்சி எவ்வளவு நாள் என்பதற்கு உலகத்தில் ஒரே அளவு கிடையாது. அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்க்கக் கூட்டாட்சிச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 75 மணி நேரம், ஜப்பானில் தொடக்கநிலைப் பயிற்சி 130 மணி நேரம், இன்னும் பல இடங்களில் எந்த நிபந்தனையும் இல்லாமல் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதில் கற்றுத்தருவது உடம்பைக் கையாளும் வித்தை: முதுகு பிடிக்காமல் ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, புரையேறாமல் ஊட்டுவது, டயப்பர் மாற்றும்போது தோலைப் பார்ப்பது. கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். இடுப்பெலும்புப் பக்கம் சிவந்திருக்கிறது, விரலால் அழுத்தி எடுக்கிறோம், வெளுத்து மறுபடி சிவந்தால் பரவாயில்லை, அழுத்தினாலும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது. கறுத்த தோலில் இந்தச் சிவப்பே தெரியாது, அங்கே சூடாக இருக்கிறதா, பக்கத்தைவிடக் கெட்டியாக இருக்கிறதா என்று தடவித்தான் பார்க்க வேண்டும். இதை ஒரு தடவை யாராவது நம் கையைப் பிடித்துக் காட்டிவிட்டால் போதும், புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் வராது.

நர்சிங் வழி நீளமானது, ஏன் நீளம் என்பதற்கு ஜெர்மனி நல்ல உதாரணம். அங்கே முதியோர் பராமரிப்புக்கென்றே தனியாக மூன்று வருடத் தொழிற்படிப்பு இருந்தது. 2020-லிருந்து அதையும் பொது நர்சிங்கையும் குழந்தைகள் நர்சிங்கையும் ஒரே படிப்பாக்கி, விருப்பப்பட்டால் கடைசி வருடத்தில் முதியோர் பக்கம் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். குறைந்தது 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் நேரடிப் பயிற்சி. முதியோருக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எண்பது வயதுக்காரர் ஒருவருக்குச் சர்க்கரை, இதயம், சிறுநீரகம், மூட்டு, ஞாபக மறதி எல்லாம் சேர்ந்தே இருக்கும், ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றைக் கெடுக்கும். அதைப் பிடிக்க அடிப்படை தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது ஒரே நோயாளியை இரண்டு பேரும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். இந்தத் துறையில் அடிக்கடி வரும் நிலைமைதான் இது. 84 வயது அம்மா, நடுத்தர அளவு டிமென்ஷியா, விடிந்தால் எழுந்து உட்கார்ந்து "என் அம்மா எங்கே?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். திடீரென்று இரண்டு நாளாகக் கேட்கவில்லை. அமைதியாகத் தூங்குகிறார், சாப்பாட்டில் பாதி போகிறது. வீட்டார், "இப்பதான் நிம்மதியா இருக்காங்க" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பல மாதமாகத் தூங்காதவர்கள்.

பராமரிப்பாளர் கண்ணில் படுவது வேறு. ஊட்டும்போது பாதி வாயில் பார்வை எங்கோ போய்விடுகிறது. விரல்கள் போர்வையைக் கிள்ளிக்கொண்டே இருக்கின்றன. டயப்பர் எப்போது பார்த்தாலும் லேசாக ஈரம், ஆனால் முழுசாக நனைந்து ஒரு தடவைகூட மாற்றவில்லை. நல்ல பராமரிப்பாளர் "ஒரு மாதிரி இருக்காங்க" என்று நிறுத்தமாட்டார், "செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து இப்படி, அதுக்கு முன்னாடி இப்படி இல்ல, கடைசியா வெளிக்குப் போனது ஞாயிற்றுக்கிழமை" என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கதையில் பாதி வைத்தியம். ஏனென்றால் டிமென்ஷியா மாதக்கணக்கில் மெல்ல இறங்கும், இரண்டு நாளில் மாறினால் அது டெலிரியம் என்று சந்தேகப்பட வேண்டும், அதாவது உடம்பில் எங்கோ கோளாறு வந்து மூளையைக் குழப்பியிருக்கிறது. கத்திக் கலாட்டா செய்யும் டெலிரியத்தை எல்லோரும் கவனிப்பார்கள். தூங்கி வழியும் வகையைத்தான் தவறவிடுவார்கள்.

நர்ஸ் வந்ததும் 4AT என்ற சின்னப் பரிசோதனை செய்கிறார். விழிப்பு எப்படி, வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடக்கும் வருடம் தெரிகிறதா, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல முடிகிறதா, மாற்றம் திடீரென்று வந்ததா. மதிப்பெண் 4 அல்லது அதற்கு மேல் போனால் டெலிரியம் இருக்கலாம். இதில் திடீர் மாற்றம் என்ற ஒன்றுக்கே 4 மதிப்பெண், அது பராமரிப்பாளர் சொன்ன வாக்கியத்திலிருந்துதான் வருகிறது. அப்புறம் காரணம் தேட வேண்டும். காய்ச்சல் இல்லை, அதை வைத்துத் தொற்று இல்லை என்று முடிவு கட்ட முடியாது, வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமல் நிமோனியா இருக்கும். மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், சர்க்கரை எல்லாம் சரி. அடிவயிற்றைத் தொட்டால் கெட்டியாகத் தூக்கி நிற்கிறது. ஸ்கேனர் வைத்துப் பார்த்தால் மூத்திரப்பையில் 700 மில்லி. நமக்கெல்லாம் 300, 400 வந்தாலே பாத்ரூம் தேடுவோம். டயப்பரில் இருந்த ஈரம், நிரம்பி வழிந்த மிச்சம்.

ஏன் அடைத்தது? மருந்துப் பட்டியலைப் பார்த்தால் அரிப்புக்கும் தூக்கத்துக்கும் ஆகட்டும் என்று போன வாரம் சேர்த்த ஒரு பழைய வகை அலர்ஜி மாத்திரை. முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கென்று பீர்ஸ் பட்டியல் ஒன்று 1991-லிருந்து இருக்கிறது, இந்த வகை அதில் உண்டு: மூத்திரத்தை நிறுத்தும், மலத்தைக் கட்டும், மூளையையும் குழப்பும், மூன்றையும் சேர்த்தே செய்யும். நர்ஸ் டாக்டரிடம் பேசுகிறார், மாத்திரை நிற்கிறது, கதீட்டர் போட்டு மூத்திரம் எடுக்கிறார்கள், மலச்சிக்கலுக்கு மருந்து. டெலிரியம் மறுநாளே போய்விடாது, நாள்கணக்கில், சில பேருக்கு வாரக்கணக்கில் இழுக்கும்.

இதில் யார் பெரியவர் என்ற பேச்சே வேண்டாம். ஆனால் எல்லை தெளிவு. மாத்திரையை நிறுத்துவது, கதீட்டர் போடுவது பராமரிப்பாளர் வேலை இல்லை, செய்யச் சொன்னாலும் செய்யக்கூடாது. அதே சமயம் இருபது முப்பது பேரைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரவு ஷிப்ட் நர்ஸுக்கு, ஒருவர் டயப்பர் எப்போதும் லேசாக மட்டும் ஈரமாக இருப்பது தானாகத் தெரியவே தெரியாது.

மனசு சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் இரண்டு வழியும் நிஜமாகப் பிரிகின்றன. பராமரிப்பாளருக்கு வரும் கஷ்டம் நெருக்கத்தால் வருவது. ஒரே ஆளோடு நாள் முழுக்க, அதே கேள்வி. "அம்மா எங்கே?" என்பதற்கு "அவங்க செத்து நாற்பது வருஷம் ஆச்சு" என்று உண்மையைச் சொன்னால் அந்த முதியவருக்கு அது புதுச் சாவு, ஒவ்வொரு தடவையும் புதிதாக அழுவார். பொய் சொல்லவும் மனசு வராது. அனுபவப்பட்டவர்கள் நடுவில் ஒரு வழி பிடிப்பார்கள்: "அம்மா ஞாபகம் வந்துடுச்சா? அவங்க எப்படி இருப்பாங்க, சொல்லுங்க." பதில் சொல்லத் தொடங்கினால் பதற்றம் அடங்கும், எப்போதும் இல்லை, பெரும்பாலும். அடிப்பது, கடிப்பது, திருடி என்று பழி போடுவது எல்லாம் நடக்கும், நோய்தான் செய்கிறது என்று தெரிந்தாலும் வலிக்கும். கடைசியில் அவர் இறந்தால் குடும்பம் துக்கம் காக்கும், பராமரிப்பாளருக்கோ இரண்டு நாளில் அடுத்த வீடு. சமூகம் துக்கமாகவே கணக்கில் எடுக்காத இந்த மாதிரித் துக்கத்தைப் பற்றி கென்னத் டோகா என்ற ஆய்வாளர் 1980-களின் கடைசியிலேயே எழுதியிருக்கிறார். உள்ளே தேங்குவது அதுதான்.

நர்ஸுக்கு வேறு மாதிரி. ஒருவரோடு அவ்வளவு நேரம் இருக்கவே விடமாட்டார்கள், அதுவே ஒரு குறை. அவரைத் தின்பது, செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய முடியாத நிலை. இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய ஆள் ஆறு பேர், கை இரண்டே. சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மூக்கு வழியாக டியூப் போடச் சொல்லி மகன் அழுகிறார். முற்றிய டிமென்ஷியாவில் டியூப் ஆயுளைக் கூட்டுவதாக ஆதாரம் இல்லை என்று நர்ஸுக்குத் தெரியும், முடிவு அவர் கையில் இல்லை, போடும் கை மட்டும் அவருடையது. வீட்டுக்குப் போனாலும் மண்டையில் ஓடுவது, "அந்த ரிப்போர்ட்டை டாக்டர் பார்த்தாரா?"

இதை வைத்துத்தான் முடிவெடுக்கச் சொல்வேன். ஒரு முகத்தோடு நெருங்கிப் பழகுவது உங்களுக்குத் தெம்பு தரும் என்றால், முதுகும் முழங்காலும் ஒத்துழைக்கும் என்றால், பராமரிப்பாளர் வழி சரி. எதற்கு, ஏன் என்று நோண்டிக்கொண்டே இருக்கிற ஆள், கண்டுபிடித்தும் எதுவும் செய்ய அதிகாரம் இல்லாமல் நிற்பது தாங்காது என்றால், நீளமான வழிக்கே போய்விடுங்கள், இல்லையென்றால் ஒரு வருடத்தில் கசந்துவிடும். முதலில் பராமரிப்பாளராகச் சேர்ந்து பார்த்துவிட்டு நர்சிங்குக்குப் போவது நல்ல யோசனைதான், அப்படி வருகிறவர்கள் மூத்திர நாற்றத்துக்கு முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் குறுகிய பயிற்சியின் மணி நேரங்கள் நர்சிங் படிப்பில் கழிந்துவிடும் என்று நம்பிச் சேராதீர்கள், பல இடங்களில் கழியாது, முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி. பொம்மையை விட்டு நிஜமான முதியவரிடம் எத்தனை மணி நேரம், பக்கத்தில் யார் நிற்பார்கள்? வேலைக்கு அனுப்பும் இடத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு "இவங்க இரண்டு நாளா வேற மாதிரி இருக்காங்க" என்று சொல்ல எந்த நர்ஸை அழைக்க வேண்டும், அவர் எடுப்பாரா? இரண்டாவதற்கு ஆள் பெயரோடு பதில் வராத இடம் என்றால் அந்த வேலையை எடுக்காதீர்கள், சம்பளம் கூட இருந்தாலும்.