ராத்திரி டிவி சத்தத்துக்கு ஒரு வரம்பு: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

காது மந்தமான பெரியவர் ராத்திரி சீரியலை 40-இல் வைத்துப் பார்த்துவிட்டு அணைப்பார். விடிகாலை 5 மணிக்குப் பக்திப்பாட்டுக்காக டிவியைப் போட்டால் அதே 40-இல் அலறி, வீடே எழுந்துகொள்ளும். இதற்கு இரண்டு அமைப்புகள் தேவை: டிவி போடும்போது எப்போதும் ஒரே அளவில் தொடங்குவது, ஓர் அளவுக்கு மேல் ஏறாமலே நிற்பது. ஓட்டல் அறைகளுக்காகச் செய்யப்பட்ட மெனுவில் இந்த இரண்டும் உண்டு.

சாம்சங்கில், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது ரிமோட்டில் மியூட், 1, 1, 9, ஓகே என்று வரிசையாக அழுத்த வேண்டும். ஓட்டல் மாடல்களில் இது பொதுவாகத் திறக்கும். வீட்டு மாடல்கள் எல்லாவற்றிலும் திறக்காது. எண் பட்டன் இல்லாத சின்ன ரிமோட்டில் இதைச் செய்ய முடியாது. எண்கள் உள்ள பழைய ரிமோட் ஒன்று வேண்டும். மெனு வந்ததும் `Hospitality Mode` என்பதை `Standalone` ஆக்குங்கள். `Power On Volume EN` என்பதை `User Defined` ஆக மாற்றினால்தான் கீழே உள்ள `Power On Volume` வேலை செய்யும். அது `Last Saved`-இல் இருந்தால் நீங்கள் கொடுத்த எண் அப்படியே கிடக்கும், டிவி நேற்றைய சத்தத்திலேயே தொடங்கும். உச்ச அளவுக்கு `Max Volume`. முடித்ததும் டிவியை அணைத்துப் போடுங்கள். வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

எந்த எண் கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. `Max Volume` கட்டுப்படுத்துவது டிவியின் ஒலி ஏற்றத்தை மட்டும்தான். டிவிக்குள் வரும் சத்தத்தை அல்ல. செட்டாப் பாக்ஸுக்குத் தனி வால்யூம் இருக்கிறது. அது பாதியில் இருக்கும்போது டிவிக்கு 22 என்று வரம்பு வைத்தால், நாலு நாளில் யாராவது பாக்ஸ் ரிமோட்டில் சத்தத்தை ஏற்றுவார்கள். திரையில் 22-தான் காட்டும், காதில் விழுவது 30 போல இருக்கும். அதனால் முதலில் பாக்ஸை முழு வால்யூமில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு டிவியின் எண்ணைத் தேடுங்கள். அப்போது அதற்கு மேல் ஏற்ற பாக்ஸில் இடமே இருக்காது.

தேடும் விதம் இது. செய்தி விவாதம் ஒன்றைப் போட்டுவிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்தி, தலையணையில் தலை வைத்துக் கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டி, படுக்கையறையில் தொடர் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. அவ்வளவு குறைந்த சத்தத்தைப் போன் ஆப் சரியாக அளக்காது, காதை நம்புங்கள். உதாரணமாக, 26-இல் பேசும் வார்த்தைகள் புரிகின்றன, 22-இல் வெறும் முணுமுணுப்பு என்றால், வரம்பு 22. பெரியவருக்கு 18-இல் வசனம் புரிகிறது என்றால் தொடக்க அளவை 14 என்று வைக்கலாம். அதை 5, 6 என்று மிகவும் இறக்கிவிடாதீர்கள். சத்தமே வராததால் டிவி கெட்டுவிட்டது என்று நினைத்து பட்டனை விடாமல் அழுத்துவார்கள். அது நேரே வரம்பில் போய்த்தான் நிற்கும்.

அவருக்கு 28 வேண்டியிருக்கிறது, தூங்குபவருக்கு 22-தான் தாங்கும் என்றால் இந்த வரம்பு அவரைப் பட்டினி போடுவதுபோல ஆகிவிடும். அப்படிச் செய்யாதீர்கள். வயதானால் முதலில் மங்குவது கீச்சு ஒலிகள். ச், த், ப் போன்ற மெய்யெழுத்துகள் தேய்ந்து கேட்கும். சத்தத்தை ஏற்றினால் அடித்தொனிதான் சுவரைத் தாண்டிப் போகும், வசனம் தெளியாது. ஒலி அமைப்பில் பேச்சைத் தெளிவாக்கும் தேர்வு இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். 12 அடி தூரத்தில் இருக்கும் நாற்காலியை 6 அடிக்கு நகர்த்தினாலே, அவர் காதுக்குச் சுமார் 4, 5 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். பக்கத்து அறைக்குப் போகும் சத்தம் அதிகமாகாது. அதுவும் போதாதபோது ஹெட்போன்தான்.

மாதக்கணக்கில் ஓடிய பிறகு தெரிகிற ஒன்று `Power On Option`. இது `Power On`-இல் இருந்தால், நள்ளிரவு 2 மணிக்கு கரண்ட் போய் வந்ததும் டிவி தானே ஓடத் தொடங்கும். `Stand By`-இல் வையுங்கள். கரண்ட் போனால் எண்கள் அழியாது. ஆனால் டிவியை மெக்கானிக் ரீசெட் செய்து கொடுத்தாலோ, பெரிய அப்டேட் வந்தாலோ, ஒருமுறை வால்யூமை மேலே அழுத்திப் பார்த்துவிடுங்கள். 22-ஐத் தாண்டி ஏறினால் வரம்பு போய்விட்டது என்று அர்த்தம்.

சவுண்ட்பார் மாட்டிய வீட்டில் இது உதவாது. அங்கே சத்தத்தை ஏற்றுவது பார்தான். டிவியின் வரம்பு அதைத் தொடாது. ராத்திரி மட்டும் டிவியின் சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றிக்கொண்டால் வரம்பு மறுபடி வேலை செய்யும்.